இடியப்பக் கணக்கும் பௌதிகவியல் பெறுபேறும்: புலமைப்பரிசில் கடிதம் எழுதுவது எப்படி

மட்டக்களப்பில் ஒரு பழைய மாணவர் நிதியத்தின் தெரிவுக் குழுவில் ஆறு வருடங்கள் இருந்தேன். ஒவ்வொரு வருடமும் அறுபது எழுபது கடிதங்கள் வரும். அவற்றில் பாதிக்கு மேல் ஒரே வரியில் தொடங்கும்: 'நான் மிகவும் வறிய குடும்பத்தில் பிறந்தவள்.' முதலில் அது எங்கள் பிள்ளைகளின் பணிவு என்று நினைத்தேன். ஒரு தட்டச்சுக் கடையில் மாதிரிக் கடிதம் ஒன்றை வைத்திருந்து, பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றி அச்சடித்துக் கொடுக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வரி பொய்யில்லை. ஆனால் இத்தனை பேரும் அதையே எழுதும்போது யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க அது உதவாது.

மகாபொல, பர்சரி போன்ற அரச உதவிகளுக்குப் படிவம் இருக்கிறது. கட்டங்களை நிரப்பி, கேட்ட பத்திரங்களை இணைத்தால் போதும். கடிதம் தேவைப்படுவது பழைய மாணவர் நிதியங்கள், கோயில் மற்றும் பள்ளிவாசல் நிருவாகங்கள், வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்களின் சங்கங்கள் போன்ற இடங்களுக்கு. அங்கே உங்கள் கடிதத்தைப் படிப்பவர் பெரும்பாலும் இந்தப் பக்கத்து மனிதர்தான். மாரியில் கூலி வேலை இருக்காது என்பதை அவருக்கு நீங்கள் சொல்லத் தேவையில்லை. உங்கள் வீட்டில் அது எத்தனை நாள், எத்தனை ரூபாய் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கட்டுரையில் ஒரு மாணவியின் கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். நான் பார்த்த பல கடிதங்களைச் சேர்த்து உருவாக்கிய ஆள் அவள். ஊர் படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம். தந்தை மேசனுக்குக் கையாளாகப் போகிறார். தாய் காலையில் இடியப்பம் அவித்து விற்கிறார். சாதாரண தரம் படிக்கும் தம்பியும், நீரிழிவுக்கு மாதாந்தம் கிளினிக் போகும் அம்மம்மாவும் வீட்டில் இருக்கிறார்கள். மாணவி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். கடிதம் 2025 ஒக்டோபரில் எழுதப்படுகிறது. தொகைகள் எல்லாம் அந்தக் காலத்துக்குரியவை.

முதலில் கொப்பியும் பேனாவும்

கடிதத்தை எழுதத் தொடங்குவதற்கு முன் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, பெற்றோருடன் இருந்து ஒரு வருடக் கணக்கைப் போடுங்கள். இந்த வேலையைச் செய்யாமல் எழுதப்படும் கடிதத்தில்தான் 'போதிய வருமானம் இல்லை' என்ற வரி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

'மாதம் எவ்வளவு வரும்?' என்று தந்தையிடம் கேட்காதீர்கள். நாட்கூலிக்குப் போகிறவருக்கு மாத வருமானம் என்று ஒன்று இல்லை. அவர் ஏதோ ஒரு தொகையைச் சொல்வார். அநேகமாக நல்ல மாதத்தின் தொகையாக இருக்கும். கேட்க வேண்டியவை மூன்று: ஒரு நாளைக்கு என்ன கூலி, வேலை இருக்கும் மாதத்தில் எத்தனை நாள், மழை மாதத்தில் எத்தனை நாள்.

நமது மாணவியின் தந்தைக்கு நாட்கூலி 2,500 ரூபாய். பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரையான எட்டு மாதங்களில் மாதம் 15 நாள் அளவில் வேலை கிடைக்கிறது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, மழையும் வெள்ளமும் பார்த்து, 6 நாள். அப்படியானால் எட்டு மாதங்களுக்கு மாதம் 37,500, நான்கு மாதங்களுக்கு மாதம் 15,000. வருடம் முழுவதும் சேர்த்தால் 360,000. பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 30,000.

அடுத்தது தாய். இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். 'இடியப்பத்தில் நாளுக்கு எவ்வளவு வரும், அம்மா?' என்று மகள் கேட்டால், 'ஆயிரத்து இருநூறு வரும் மகள்' என்பார். அது விற்ற காசு. மாவு, தேங்காய், விறகு, சம்பலுக்கான சாமான் எல்லாவற்றுக்கும் 800 போய்விடுகிறது. வருமானம் 400 மட்டுமே. மாதம் 20 நாள் விற்றால் 8,000. விற்பனையை வருமானமாக எழுதினால் உங்கள் குடும்பம் இருப்பதைவிட வசதியாகத் தெரியும். செலவைக் கூட்டிச் சொன்னால், இடியப்பம் விற்கும் இன்னொரு தாயை அறிந்த குழு உறுப்பினர் அதை உடனே பிடித்துவிடுவார்.

மூன்றாவது அஸ்வெசும. 2023இல் தொடங்கிய இந்தக் கொடுப்பனவில் 'வறியவர்' பிரிவுக்கு 2025 ஜனவரியிலிருந்து மாதந்தோறும் 10,000 ரூபாய். நமது மாணவியின் குடும்பம் அந்தப் பிரிவில் இருக்கிறது. இதை எழுதினால் 'அரசாங்கம் ஏற்கெனவே கொடுக்கிறதே' என்று விட்டுவிடுவார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு. நடப்பது வேறு. அந்தப் பிரிவில் இருப்பதே, வீடு தேடி வந்து கணக்கெடுத்த ஒருவர் உங்கள் நிலையை ஏற்றுக்கொண்டதற்குச் சான்று. மறைத்தால், கிராம உத்தியோகத்தரிடம் விசாரிக்கும்போது அது முதலாவதாக வெளியே வரும்.

ஆக, இந்த வீட்டுக்குச் சராசரியாக மாதம் 48,000 வருகிறது. நல்ல மாதத்தில் 55,500, மழை மாதத்தில் 33,000. சராசரியோடு நிறுத்திவிடாதீர்கள். இந்த இரண்டு தொகைகளுக்கும் இடையிலுள்ள தூரம்தான் உங்கள் வீட்டின் கதை.

செலவுப் பக்கத்தில் சாப்பாட்டுக்கு 30,000, மின்சாரமும் தண்ணீரும் 2,500, தம்பியின் வகுப்புக் காசு 3,000, அம்மம்மாவைக் கிளினிக்குக் கொண்டுபோய் வருவதற்கும் வெளியே வாங்கும் மருந்துக்கும் 1,500, கூரை திருத்த எடுத்த நுண்கடனுக்கு மாதத் தவணை 5,200. மொத்தம் 42,200. நல்ல மாதத்தில் 13,300 மிஞ்சும். மழை மாதத்தில் 9,200 துண்டு விழும். வருட முடிவில், உடுப்பு, திருவிழா, திடீர் நோய் எல்லாவற்றுக்குமாக மிஞ்சுவது 69,600.

இந்தக் கணக்கு முழுவதையும் கடிதத்தில் கொட்ட வேண்டாம். அதைத் தனித் தாளில் எழுதி இணைத்துவிட்டு, கடிதத்தில் ஒரு பத்தி போதும். நமது மாணவி இப்படி எழுதலாம்:

'எனது தந்தை மேசன் உதவியாளராக நாட்கூலி 2,500 ரூபாவுக்கு வேலை செய்கிறார். பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரை மாதம் சுமார் 15 நாட்களும், மழைக் காலமான மற்ற நான்கு மாதங்களில் சுமார் 6 நாட்களும் அவருக்கு வேலை கிடைக்கிறது. தாய் இடியப்பம் விற்று, செலவு போக மாதம் சுமார் 8,000 ரூபா பெறுகிறார். அஸ்வெசும கொடுப்பனவாக 10,000 ரூபா கிடைக்கிறது. ஐந்து பேர் கொண்ட எமது குடும்பத்தின் மாதச் செலவு, கடன் தவணை 5,200 உட்பட, 42,200 ரூபா. மழை மாதங்களில் இதற்கு 9,200 ரூபா போதாமல் போகிறது. அதைக் கடைக் கடனாக வைத்து மாசியிலிருந்து சிறிது சிறிதாகக் கொடுத்துத் தீர்க்கிறோம். கடன் தவணை இன்னும் 11 மாதங்களுக்கு உள்ளது.'

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். பதினொரு மாதங்களுக்குப் பிறகு இந்த வீட்டுக்கு 5,200 ரூபாய் மூச்சுவிட இடம் கிடைக்கும் என்பதை மாணவி தானே சொல்லிவிடுகிறாள். இது அவளுக்கு எதிராகப் போகாது. என் அனுபவத்தில், இப்படி ஒரு வரியைக் கண்டால் மற்றத் தொகைகளையும் நம்பிப் படிப்போம்.

இன்னொன்று, மோட்டார் சைக்கிள். வீட்டில் ஒன்று நின்றால் எழுதுங்கள். 'தந்தை வேலைக்குப் போகும் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று உண்டு' என்றால் யாரும் குறை நினைக்க மாட்டார்கள். எழுதாமல் விட்டு, பார்க்க வந்தவர் அதை முற்றத்தில் கண்டால், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் இரண்டாம் முறை யோசிப்பார். கட்டாரில் இருக்கும் அண்ணன் அனுப்பும் காசும் அப்படித்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பினாலும், எவ்வளவு, கடைசியாக எப்போது என்று எழுதுங்கள்.

வருமானச் சான்றிதழும் கடிதமும் முரண்படும்போது

கிராம உத்தியோகத்தரிடம் வருமானச் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்க வேண்டியிருக்கும். அவர் அலுவலகத்தில் இருக்கும் நாளை முன்னரே விசாரித்துக்கொண்டு போங்கள். அலுவலகம் வரை போய், 'இன்று களப்பணி' என்று கேட்டுத் திரும்புவது ஒரு நாள் கூலியை இழப்பதற்குச் சமம்.

சான்றிதழில் பெரும்பாலும் குடும்பத் தலைவரின் வருமானம் மட்டும் இருக்கும். நமது மாணவியின் சான்றிதழில் 30,000 என்று இருக்கிறது. கடிதத்தின்படி வீட்டுக்கு வருவதோ 48,000. இரண்டும் சரி. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு இது பொய்யாகத் தெரியும். சில பிள்ளைகள் இதைச் சமாளிக்க, தாயின் இடியப்பத்தையும் அஸ்வெசுமவையும் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டு 30,000 என்றே எழுதிவிடுகிறார்கள். அதைவிட ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்ப்பது எளிது: 'இணைத்துள்ள வருமானச் சான்றிதழில் உள்ள 30,000 ரூபா தந்தையின் கூலியின் மாதச் சராசரி மட்டுமே. தாயின் வருமானமும் அஸ்வெசும கொடுப்பனவும் அதில் சேரவில்லை.'

சான்றிதழில் உள்ள தொகை பிழையென்றால், கடிதத்தில் விளக்கம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் வருடக் கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு அவரிடமே போங்கள். 'ஐயா, நாள் கணக்கில் பார்த்தால் இப்படி வருகிறது' என்று காட்டினால் அநேகமாகத் திருத்தித் தருவார்.

சித்தியடையாத பாடம்

நமது மாணவி உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவு. சாதாரண தரத்தில் 6 ஏ, 2 பி, 1 சி. 2023 உயர்தரப் பரீட்சையில் உயிரியல் சி, இரசாயனவியல் எஸ், பௌதிகவியலில் சித்தியில்லை. 2024இல் இரண்டாம் தடவை தோற்றி உயிரியல் பி, மற்ற இரண்டும் சி.

அவளது முதல் வரைவில் 2023 என்ற ஆண்டே இல்லை. 'உயர்தரத்தில் பி, சி, சி பெற்றேன்' என்று எழுதி முடித்துவிட்டாள். ஆனால் இணைத்த பெறுபேற்றுப் பத்திரத்தில் ஆண்டு இருக்கிறது, பாடசாலை விலகல் பத்திரத்தில் வெளியேறிய வருடம் இருக்கிறது. இடையில் ஒரு வருடம் எங்கே போனது என்று கேட்க எந்தக் குழுவுக்கும் அதிக நேரம் எடுக்காது.

இரண்டாம் வரைவில் மறுபக்கத்துக்குப் போனாள். பாடசாலையில் பௌதிகவியலுக்கு ஒன்பது மாதம் ஆசிரியர் இல்லை, ஆகவே சித்தியடையவில்லை என்று எழுதினாள். ஆசிரியர் இல்லாதது உண்மை. ஆனால் அதே வகுப்பில் இருவர் சித்தியடைந்திருந்தார்கள். அந்தப் பாடசாலையைத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் கேட்கும் முதற் கேள்வி அதுதான்.

சூழ்நிலையையும் தன் பங்கையும் அடுத்தடுத்து வைத்தால் இந்தச் சிக்கல் தீர்கிறது:

'2023 உயர்தரப் பரீட்சைக்கு முதல் தடவையாகத் தோற்றியபோது பௌதிகவியலில் நான் சித்தியடையவில்லை. அப்பாடத்துக்கு எமது பாடசாலையில் ஒன்பது மாதங்கள் ஆசிரியர் இருக்கவில்லை. களுவாஞ்சிக்குடியில் நடந்த மாலை வகுப்புக்குப் போனால் திரும்பி வர பஸ் இல்லை. எனினும் என் வகுப்பில் இருவர் சித்தியடைந்தனர். நான் எனக்குப் பிடித்த உயிரியலிலேயே நேரத்தைச் செலவிட்டு, பௌதிகவியலைக் கடைசி மூன்று மாதங்களுக்குத் தள்ளிவைத்தேன். இரண்டாம் தடவையில் சனி, ஞாயிறு வகுப்புக்குச் சென்று, முந்திய பத்து வருட வினாத்தாள்களைச் செய்து முடித்தேன். பௌதிகவியலில் சி பெற்றேன்.'

இதில் மன்னிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. என்ன மாற்றினாள் என்பது மட்டும் இருக்கிறது. 'கடின உழைப்பால் முன்னேறினேன்' என்ற வரியை இந்தப் பத்தியில் எங்கே சேர்த்தாலும் பத்தி பலவீனமாகும்.

2024 பரீட்சைக்குத் தோற்றியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பரீட்சை நவம்பர் இறுதியில் தொடங்கி, மழை வெள்ளத்தால் சில நாட்கள் நிறுத்தப்பட்டு, டிசம்பர் முதல் வாரத்தில் மீண்டும் நடந்தது. இந்தக் கரையோரத்தில் எழுதிய எல்லோருக்கும் அது பொது. 'வெள்ளத்தால் பாதிக்கப்பட்டேன்' என்பது தனியாக எதையும் சொல்லாது. உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, பாடசாலை முகாமிலிருந்து பரீட்சைக்குப் போயிருந்தால், எத்தனை நாள் என்று எழுதுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இசட் புள்ளியைப் பத்திரத்தில் உள்ளபடி நான்கு தசம தானங்களும் எழுதுங்கள். முழுமையாக்கி எழுதினால் ஏமாற்றப் பார்ப்பது போலத் தோன்றும். மாவட்ட நிலை நன்றாக இருந்தால் மட்டும் எழுதினால் போதும், அது எப்படியும் பத்திரத்தில் இருக்கிறது.

எவ்வளவு வேண்டும்?

'தங்களால் இயன்ற உதவியைச் செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்பது நம் ஊர்க் கடிதங்களின் வழக்கமான முடிவு. தொகை கேட்பது மரியாதைக் குறைவு என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை. குழுவிடம் ஒரு குறிப்பிட்ட பணமே இருக்கிறது. உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரியாவிட்டால், ஐயாயிரம் போட்டுவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார்கள்.

யாழ்ப்பாணத்தில் நமது மாணவிக்குச் சாப்பாட்டுக்கு 15,000, தங்குமிடக் கட்டணமும் உள்ளூர் பஸ்ஸும் 2,000, பிரதிகளும் இணையக் கட்டணமும் 2,500, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்துபோகும் செலவை மாதத்துக்குப் பிரித்தால் 1,500. மொத்தம் 21,000. இந்தத் தொகைகளை அவள் ஊகிக்கவில்லை. அதே பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் ஓர் அக்காவிடம் கேட்டு எழுதினாள். நீங்களும் அப்படிக் கேளுங்கள்.

வீட்டிலிருந்து மாதம் 4,000 கொடுக்க முடியும் என்று தந்தை சொல்கிறார். 69,600 மிஞ்சும் வீட்டில் வருடம் 48,000 அவளுக்குப் போனால், மற்ற நால்வருக்கும் மீதி 21,600. இதற்கு மேல் கேட்கவும் முடியாது. மகாபொல 2025இல் 5,000இலிருந்து 7,500 ஆக உயர்ந்தது. ஆனால் அவளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே இரண்டு நிலைகளையும் எழுதுகிறாள்:

'எனது மாதச் செலவு 21,000 ரூபா என மதிப்பிட்டுள்ளேன். குடும்பத்தால் 4,000 தர முடியும். மகாபொல புலமைப்பரிசில் 7,500 கிடைத்தால் எனக்கு மேலும் 9,500 தேவைப்படும். அது கிடைக்கும் வரை 17,000 தேவைப்படும். முழுத் தொகையையும் தர இயலாவிடின், முதல் வருடத்தில் மாதம் 9,500 கிடைத்தாலும் என்னால் சமாளிக்க முடியும். மகாபொல கிடைக்கும் வரையுள்ள மீதியை மாமாவிடம் கடனாகப் பெறுவதாகப் பேசியுள்ளோம்.'

வேறு சங்கத்துக்கும் விண்ணப்பித்திருந்தால் அதையும் எழுதுங்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்தக் குழுக்களில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்.

எழுத வேண்டாதவை

தந்தை குடிக்கிறார், காசு தருவதில்லை என்ற வீடுகள் இருக்கின்றன. அதை எழுதலாமா என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள். 'தந்தையின் வருமானத்திலிருந்து வீட்டுக்கு ஒழுங்காகப் பணம் கிடைப்பதில்லை. 2024இலிருந்து வீட்டுச் செலவைத் தாயே பார்க்கிறார்' என்று எழுதச் சொன்னேன். குழுவுக்குத் தேவையானது பணம் எங்கிருந்து வருகிறது என்பது. காரணத்தைக் கேட்க வேண்டிய இடம் நேர்முகம். அங்கேயும் சொல்லுவதா இல்லையா என்பது பிள்ளையின் விருப்பம். கடிதம் பல கைகளுக்குப் போகும், ஊரிலேயே இருக்கும்.

மரணம், யுத்த இழப்பு, 2004 சுனாமி ஆகியவை உங்கள் குடும்பத்தின் இன்றைய வருமானத்தைத் தொட்டால் ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். தொடவில்லையென்றால், படிப்பவரின் கண்ணில் நீர் வரவைக்க அவற்றைக் கொண்டுவராதீர்கள்.

கடிதம் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கையெழுத்து தெளிவாக இருந்தால் கையால் எழுதியதே நல்லது. தட்டச்சுக் கடைக்குப் போனால் நீங்கள் எழுதியதை அப்படியே அடிக்கச் சொல்லுங்கள். 'இப்படிப் போட்டால் நல்லாக இருக்கும், தங்கச்சி' என்று கடைக்காரர் சொல்லும் வரியைத்தான் மற்ற ஐம்பது பேரும் போட்டிருப்பார்கள். பெறுபேற்றுப் பத்திரங்கள் இரண்டும், பல்கலைக்கழகத் தெரிவுக் கடிதம், வருமானச் சான்றிதழ், அஸ்வெசும பதிவு வரும் வங்கிப் புத்தகப் பக்கத்தின் பிரதி, உங்கள் கணக்குத் தாள் ஆகியவற்றை இணையுங்கள். மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

அனுப்பிய கடிதத்தின் பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள். நேர்முகத்தில் அதிலிருந்துதான் கேட்பார்கள். தாயையும் தந்தையையும் அதை ஒருமுறை வாசிக்க வையுங்கள், அல்லது வாசித்துக் காட்டுங்கள். வீட்டுக்கு வந்தவர் 'இடியப்பத்தில் எவ்வளவு வரும், அக்கா?' என்று கேட்கும்போது அம்மா பழைய பழக்கத்தில் ஆயிரத்து இருநூறு என்று சொல்லிவிடக் கூடாது.

உதவி கிடைத்த பிறகு நிலைமை மாறினால் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். நமது மாணவி எழுதியது இவ்வளவுதான்: 'இந்த மாதத்திலிருந்து எனக்கு மகாபொல கிடைக்கிறது. நான் முன்னர் எழுதியபடி, இனி மாதம் 9,500 ரூபா போதுமானது.'